யாரும் திருத்தாத பக்கம்

பாதிரியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போய் இரண்டாம் வருஷமே திரும்பி வந்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தாள். என் உடம்பு அப்போது கல்லு மாதிரி இருந்தது. ஒத்துக்கொள்ளாதது விடியற்காலை மணியும் லத்தீனும்தான். அங்கே எனக்கு நன்றாக வந்த ஒரே விஷயம் பிரசங்கம். பயிற்சிக்காக என்னைப் பேச நிறுத்தினால் எதிரே உட்கார்ந்திருக்கும் பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அது தூக்கக் கலக்கமாக இருந்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் விளம்பர ஆபீஸ் ஒன்று இருந்தது. சினிமாக் கொட்டகைகளுக்கு ஸ்லைடு எழுதித் தருவார்கள், சுவரில் விளம்பரம் வரைவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி கட்டிய ஒரு பழைய வேன் இருந்தது. அது சந்தை சந்தையாகப் போய் நின்று, சோப்பும் உரமும் வேட்டியும் வாங்கச் சொல்லிக் கத்தும். அது கத்த வேண்டியதை எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

மேனேஜரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும், பேசுவதைவிட அதைத்தான் அதிகம் பயன்படுத்துவார். நாம் எழுதிக் கொடுத்ததைப் பாக்கு மென்றுகொண்டே படிப்பார். மெல்லுவது நின்றால் ஏதோ பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஆபீசில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அவர் பார்க்காத தாள் எதுவும் மாடிப்படி இறங்கக் கூடாது.

இரண்டரை மாதம் ஸ்லைடுகளிலேயே போயிற்று. ஒரு ஸ்லைடில் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் எழுத முடியாது. பிரசங்கம் படித்தவனுக்கு அது பட்டினி. பிறகுதான் மோட்டார் கடைக்காரர் வந்தார். கிணற்று மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் விற்பவர். கடத்தூர்ச் சந்தையில் வேனை நிறுத்தி, சும்மா கத்தாமல் நாடகம் மாதிரி ஒரு உரையாடல் போட வேண்டும், கேட்கிறவர்கள் நின்று கேட்க வேண்டும் என்றார். மேனேஜர் அதை என்னிடம் கொடுத்தார்.

"இது சந்தையில நின்னு பேசிச்சுன்னா நீ இங்க இருக்கலாம். இல்லேன்னா வேற எடம் பாத்துக்கப்பா."

வேறு இடம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கம்பைநல்லூரில் மாமா ஒரு புளி மண்டியில் சொல்லி வைத்திருந்தார், தராசுப் பக்கத்தில் நின்று எடை எழுதும் வேலை. மண்டி வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் முதல் தடவை திரும்பி வந்தபோது அம்மா என் உடம்பின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்துவிட்டாள். இரண்டாம் தடவையும் திரும்பினால் என்ன சொல்லுவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், பையன் எழுத்து வேலையில் இருக்கிறான் என்று அவள் நாலு பேரிடம் சொல்லாமல் வீடு திரும்புவதில்லை.

நாலு நாள் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். ஒரு விவசாயி. அவனுடைய கிணற்றுக் கவலையில் தண்ணீர்ச் சால் இழுக்கிற மாடு முடியாமல் படுத்துவிடுகிறது, தண்ணீர் இறைக்க வழியில்லை. அவன் மனைவி மோட்டார் வாங்கச் சொல்கிறாள். இரண்டு பேரும் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் மோட்டாரைப் பற்றி விளக்குகிறார். இவ்வளவும் நாலு பக்கம். ஐந்தாம் பக்கம் என் சொந்தச் சொத்து. அதில் கடைக்காரர் மோட்டாரை மறந்துவிட்டு, தண்ணீரைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் மனிதனுடைய வியர்வையைப் பற்றியும் பேசுவார். 'நிலம் தாகத்தோடு காத்திருக்கிறது' என்று தொடங்கும். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இந்த முறை தூக்கக் கலக்கம் இல்லை.

டைப் அடிக்கும்போது கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்தேன். முதல் பிரதியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். நகல் கையில் இருந்தது. கடைக்காரர் எப்படியும் மறுநாள் பார்க்கப் போகிறவர்தானே, இன்றைக்கே பார்த்தால் ஒரு நாள் மிச்சம் என்று நினைத்து, மதியம் சாப்பிடப் போகிற வழியில் நகலை மோட்டார் கடையில் கொடுத்துவிட்டேன். மாடிப்படிச் சட்டம் நினைவில் இல்லாமல் இல்லை. நான் ரொம்பச் சுறுசுறுப்பான ஆள் என்று இரண்டு பேரும் பாராட்டுவார்கள் என்று ஒரு எண்ணம்.

சாயங்காலம் மேனேஜரின் பிரதி சிவப்புச் சிவப்பாக வந்தது. விவசாயிக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கக் கூடாது; எல்லாம் தெரிந்தவனுக்குக் கடைக்காரர் எதை விளக்குவார். மனைவியை எடுத்துவிட வேண்டும். பத்து நிமிஷம் வேண்டாம், ஆறு நிமிஷம் போதும். காய்கறிப் பையோடு நிற்கிறவன் அதற்கு மேல் நிற்கமாட்டான். கொச்சைப் பேச்சு வேண்டாம், நல்ல தமிழ் வேண்டும், ஆபீசுக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாலு பக்கத்திலும் இப்படி. ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு கோடுகூட இல்லை. சிவப்புப் பென்சில் படாத ஒரு முழுப் பக்கத்தை அந்த ஆபீசில் நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.

இரண்டு நாளில் அவர் சொன்னபடி மாற்றினேன். விவசாயியை முழு அசடனாக்கினேன். மனைவியை எடுத்தேன். எல்லோரையும் மேடைத் தமிழில் பேச வைத்தேன். 'ஐயா, மோட்டார் என்றால் யாது' என்று விவசாயி கேட்டான். ஐந்தாம் பக்கத்தை எழுத்து மாறாமல் அப்படியே சேர்த்தேன்.

மூன்றாம் நாள் மோட்டார் கடைக்காரர் ஆள் அனுப்பினார். போனேன். ஒருவருக்குக் குழாய் அளந்து கொடுத்துக்கொண்டே என்னோடு பேசினார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் எந்த ஊர்க்காரர் வந்தாலும் அந்த ஊர்ப் பேச்சில் பேசுவார். அவர் கையில் இருந்தது என் பழைய கார்பன் நகல். அதிலிருந்த விவசாயி பாதிதான் அசடு. அதுவே அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, இந்த ஆளு என்ன இவ்வளவு தெரியாதவனா இருக்கறான்? எங்கடைக்கு வர்றவங்கெல்லாம் நாலு கடை ஏறி இறங்கி, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் வர்றாங்க. அவங்க சந்தையிலயே நின்னு அவங்கள முட்டாள்னு சொன்னா எவன் வருவான்?"

அடுத்து மனைவி. மூன்றாம் பக்கத்தில் அவள் பேசுவது ரொம்ப நன்றாக இருக்கிறது, இன்னும் நாலு வார்த்தை பேசட்டும் என்றார். அவருடைய கடையில் ஆண்கள்தான் மோட்டாரைத் தட்டிப் பார்ப்பார்களாம், ஆனால் கடைசியில் வாசலில் நிற்கிற பெண்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்களாம். நான் அந்தப் பெண்ணை இரண்டு நாள் முன்புதான் அப்புறப்படுத்தியிருந்தேன். அதை எப்படிச் சொல்வது. சரிங்க என்றேன். பேச்சு நம்ம ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும் என்றார், அதற்கும் சரிங்க. பிறகு சேர்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார். அடியில் வால்வு போட்டால்தான் குழாயில் தண்ணீர் நிற்கும். பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் ஸ்விட்சைப் போடக் கூடாது. வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் உள்ளே கம்பிச் சுருளான காயில் கருகிவிடும். எல்லாவற்றுக்கும் சரிங்க என்றேன். ஐந்தாம் பக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் ஒரு கோடுகூட இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் என் ஐந்தாம் பக்கத்தில் ஒத்துப்போகிறார்கள். மீதி நாலு பக்கத்தையும் எப்படியாவது சரிக்கட்டிவிட்டால் போதும் என்று ஆபீசுக்கு நடந்தேன்.

எப்படியாவது என்றால் எனக்கு அப்போது தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு பேர் சொன்னதையும் செய்துவிடுவது. மேனேஜருக்காக மாற்றி வைத்திருந்த பிரதியை எடுத்து, கடைக்காரர் சொன்னவற்றை ஆங்காங்கே செருகினேன். விவசாயி அறியாதவனாக இருக்க வேண்டும் என்றால் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அறிந்தவனாக இருக்க வேண்டும் என்றால் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். மனைவியை மூன்றாம் பக்கத்தில் மட்டும் திருப்பிக் கொண்டுவந்தேன். ஒரு வரி நல்ல தமிழ், ஒரு வரி ஊர்ப் பேச்சு. யாருக்கும் மனக்குறை இருக்காது என்று நினைத்தேன்.

வேனில் பேசுகிற அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒருவரே எல்லாக் குரலும் பேசுவார். மைக்கை இடம் மாற்றிப் பிடித்தால் விவசாயி, நிமிர்ந்து உட்கார்ந்தால் கடைக்காரர். படித்துக்கொண்டே போனவர் இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"தம்பி, மோட்டார்னா யாதுன்னு கேட்டவன், பக்கம் திரும்பறதுக்குள்ள வால்வு எத்தனை இஞ்சுன்னு கேக்கறான். நடுவுல எங்கயாச்சும் படிச்சுட்டு வந்தானா?"

மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் நிறுத்தினார். இந்த அம்மா எந்நேரம் வந்தாங்க என்று கேட்டார். தனியாகக் கடைக்குப் போனவனுடைய பெண்டாட்டி கடைக்குள்ளேயே முளைத்தாளா என்றார். வாசலில் நின்றிருந்தாள் என்றேன். அப்படி எழுதவில்லையே என்றார். ஒரு இடத்தில் மாற்றினால் அது எங்கெங்கே போய் இடிக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. நல்ல துணியும் கிழிசல் துணியுமாக ஒட்டுப் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் சிரிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார், அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. ஒரு பெரிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் மேனேஜர் சொன்னது, வலப்பக்கம் கடைக்காரர் சொன்னது. நேருக்கு நேர் மோதுவது எது, மோதாதது எது என்று பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் மோதல் நாலே நாலுதான். நாற்பது இருக்கும் என்று பயந்திருந்தேன். ஆனால் அந்த நாலையும் எத்தனை தடவை பார்த்தாலும் வழி தெரியவில்லை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருந்தேனே தவிர, ஏன் சொன்னார்கள் என்று கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மேனேஜரிடம் போய், மனைவி ஏன் வேண்டாம் என்று கேட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். பிறகு அண்ணன் இருந்த திசையில் தலையை ஆட்டி, அவர் பெண் குரலில் பேசி நீ கேட்டதில்லையே என்றார். ஒரு தடவை சோப்பு விளம்பரத்துக்குப் பேசினாராம். சந்தையே சிரித்ததாம். எல்லோருக்கும் அந்தக் குரல் நினைவிருந்ததாம், சோப்பின் பெயர் ஒருவருக்கும் நினைவில்லையாம்.

ஆக, மனைவி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மனைவியின் குரல்தான் வேண்டாம். கடைக்காரருக்கோ குரல் முக்கியமில்லை. முடிவு அவள் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அப்படியானால் அவள் வீட்டிலேயே இருக்கட்டும், விவசாயி மட்டும் கடைக்கு வரட்டும், வந்து, 'வூட்ல இதைக் கேக்கச் சொன்னாங்க' என்று கேட்கட்டும். இதை எழுதியதும் இன்னொரு முடிச்சும் தானாக அவிழ்ந்தது. விவசாயிக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும் அவன் கேள்வி கேட்கலாம். வீட்டில் கேட்கச் சொன்னார்கள், கேட்காமல் போனால் சோறு கிடைக்காது. கடைக்காரர் விளக்குவதற்கு ஆள் ஆயிற்று, விவசாயி முட்டாளும் இல்லை. பேச்சு விஷயத்தில், தொடக்க அறிவிப்பு மேனேஜரின் நல்ல தமிழில் இருக்கும், கடைக்குள் நடப்பதெல்லாம் ஊர்ப் பேச்சில் இருக்கும் என்று கோடு கிழித்தேன். இன்னொரு தாளில் விவசாயி எந்த இடத்தில் எதைத் தெரிந்துவைத்திருக்கிறான் என்று முதலிலிருந்து குறித்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து முழுவதையும் புதிதாக எழுதினேன். ஒட்டுப் போடவில்லை.

மிஞ்சியது நீளம். மேனேஜருக்கு ஆறு நிமிஷம், கடைக்காரருக்கு அவர் கேட்ட எல்லாம். புதிய பிரதி மூன்று பக்கம் வந்தது, அதோடு என் கடைசிப் பக்கம். அண்ணனைப் படிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். எட்டரை நிமிஷம். எதை வெட்டுவது? கடைசிப் பக்கத்தில் கை வைக்க முடியாது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதனால் பம்பில் தண்ணீர் ஊற்றுவதை எடுத்தேன், காயில் கருகுவதை எடுத்தேன். கடைப் பெயரைத் தொடக்கத்திலும் சொல்ல வேண்டும் என்பது மேனேஜரின் இன்னொரு குறிப்பு, அதையும் எடுத்தேன். ஆறேகால் நிமிஷத்துக்கு வந்தது. இரண்டு பேருக்கும் சமமாக நஷ்டம் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கடைக்காரரிடம் இருப்பது மேனேஜர் திருத்துவதற்கு முன்பே நான் கொடுத்த நகல் என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுபடியும் ஆளுக்கு ஒரு பிரதியைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சொன்னால் இன்றைக்கே கம்பைநல்லூர் பஸ்.  சொல்லிவிட்டேன். மேனேஜர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு மேஜை மேலிருந்த பிரதியை என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு அவரையும் இங்க வரச் சொல்லு. இனிமே ஒரே பிரதி. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து கேக்கறோம். ஒத்துக்கிட்டா பக்கத்துக்குப் பக்கம் ரெண்டு பேரும் கையெழுத்து போடறோம். அதுக்கப்புறம் யாரும் தொடக் கூடாது, நீயும்தான்."

மறுநாள் கடைக்காரர் வந்தார். மாடியில் இருந்த நல்ல நாற்காலி அவருக்கு. அண்ணன் படித்தார். முதல் பக்கத்திலேயே கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். 'வூட்ல கேக்கச் சொன்னாங்க' என்று விவசாயி இரண்டாம் தடவை சொன்னபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். மேனேஜர் மென்றுகொண்டே இருந்தார். அது நல்ல சகுனம். மூன்று பக்கமும் முடிந்தன. கடைசிப் பக்கம் வந்தது. நிலம் தாகத்தோடு காத்திருக்கிறது என்று அண்ணன் தொடங்கினார்.

மேனேஜர் மெல்லுவது நின்றது. கடைக்காரர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார். பாதியில் மேனேஜர் எழுந்து ஜன்னலுக்குப் போய், கீழே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். சேலம் பஸ் வந்துவிட்டதா என்று கடைக்காரர் அவரைக் கேட்டார். சேலத்துக்குப் போகும் வேலை அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியாது.

படித்து முடிந்ததும் கடைக்காரர்தான் முதலில் பேசினார். பம்பில் தண்ணீர் ஊற்றச் சொன்னது எங்கே என்று கேட்டார். தண்ணீர் ஊற்றாமல் ஸ்விட்சைப் போட்டு மோட்டாரை வீணாக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அவரைத் திட்டுகிறார்களாம். நீளமாகிவிட்டது, அதனால் எடுத்தேன் என்றேன். தொடக்கத்தில் கடைப் பெயர் எங்கே என்று மேனேஜர் ஜன்னலிலிருந்தே கேட்டார். அதுவும் நீளத்துக்காகத்தான் என்றேன்.

"அப்ப இந்தக் கடைசிப் பக்கம் எதுக்குய்யா?" என்றார் மேனேஜர்.

நீங்கள் இரண்டு பேரும் திருத்தாமல் விட்ட பக்கம் இது ஒன்றுதான், இரண்டு பேருக்கும் பிடித்தது என்று நினைத்து இதைக் காப்பாற்றத்தான் மற்றதை வெட்டினேன் என்று சொன்னேன். அண்ணன் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"திருத்தாம விட்டா படிச்சேன்னு அர்த்தமில்லப்பா" என்றார் மேனேஜர்.

அவருடைய குரலில் கோபம் இல்லை. எப்படி எழுதினாலும் ஆறு நிமிஷத்துக்குள் அந்தப் பக்கம் வராது என்று தெரிந்ததால் மேலே இரண்டு வரி பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம். கடைக்காரருக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"நானும் நாலாம் பக்கத்தோட நிறுத்திட்டனுங்க தம்பி. அதுக்கு மேல யாரோ பிரசங்கம் பண்ற மாதிரி இருந்துச்சு. பெரிய விஷயம் போலருக்குது, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டன்."

எனக்கு வலித்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே வலித்தது.  நாலு நாள் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தியஸ்தம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த அறையில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதவன் மூன்றாவதாக ஒருவன் இருந்தான், அவன் நான். மேனேஜரின் பட்டியலையும் கடைக்காரரின் பட்டியலையும் போட்ட அந்தப் பெரிய தாளில் என் ஆசைக்கு மட்டும் நான் ஒரு பத்தி போடவில்லை.

கடைசிப் பக்கத்தை எடுத்து மடித்து மேஜை ஓரத்தில் வைத்தேன். அந்த ஒரு பக்கம் மட்டும் மூன்று நிமிஷம். அது போனதும், எடுத்ததெல்லாம் திரும்பி உள்ளே வர இடம் கிடைத்தது. தொடக்கத்தில் கடைப் பெயர் வந்தது, பம்பில் தண்ணீர் ஊற்றுவது வந்தது, காயில் விஷயம் வந்தது. அரை மணி நேரத்தில் மூன்று பேரும் ஒரே தாளின் மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். ஆனால் முடிவு இல்லாமல் நின்றது. விவசாயி வாங்குகிறானா என்று தெரிய வேண்டுமே.

வாசலில் நிற்கிற பெண்கள் கடைசியாக என்ன கேட்பார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ரிப்பேர் ஆனால் யார் வருவது என்பார்கள் என்றார். அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றேன். இப்போது யோசித்தார். அதைச் சந்தை நடுவில் மைக்கில் சொன்னால் பிறகு மாற்றிச் சொல்ல முடியாது, அதனால்தான் அத்தனை யோசனை என்று எங்களுக்குப் புரிந்தது. 

"நானே வர்றேன்னு போடுங்க" என்றார் கடைக்காரர்.

அதோடு முடித்தோம். ஐந்தே முக்கால் நிமிஷம். மூன்று பக்கத்திலும் மேனேஜர் சிவப்புப் பென்சிலிலும் கடைக்காரர் பேனாவிலும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் என்னைப் போடச் சொல்லவில்லை, கேட்கும் துணிச்சலும் எனக்கில்லை.

கடத்தூர்ச் சந்தையில் வேனை மாடு கட்டும் இடத்துக்கும் தக்காளிக் கூடைகளுக்கும் நடுவில் நிறுத்தினோம். நான் வேனுக்குப் பின்னால் நின்றேன், யாராவது கலைந்து போனால் அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று. அண்ணன் தொடங்கினார். 'வூட்ல கேக்கச் சொன்னாங்க' என்ற முதல் தடவைக்கே ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னும் நாலு பேர் நின்றார்கள். எட்டிப் பார்த்தேன். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, தங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்றது பெரும்பாலும் பெண்கள். கடைசிக் கேள்வி வந்தது. ரிப்பேர் ஆனால் யார் வருவது? நானே வர்றேன் என்று அண்ணன் நிமிர்ந்து சொன்னார்.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, தலையில் கூடையோடு, "மழை பேஞ்சாலும் வருவீங்களா?" என்று கேட்டார்.

இது எங்கள் தாளில் இல்லை. அண்ணன் தாளைப் புரட்டினார். அதற்கு மேல் பக்கம் எதுவும் இல்லை. கடைக்காரர் பக்கத்துத் தேநீர்க் கடையில் நின்றிருந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, வேன் பலகையில் ஏறி மைக்கை வாங்கினார். வர்றனுங்கம்மா, எந்த ஊருன்னு சொல்லுங்க என்றார். அந்த அம்மா ஊரைச் சொன்னார். மேனேஜர் என்னைத் தேடி வேனுக்குப் பின்னால் வந்தார். ஒரு பாக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்குப் பாக்குப் பழக்கம் இல்லை. வாங்கி மென்றேன், தலை சுற்றியது.

மூன்று மாதம் முடிந்த நாளன்று வேலையைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம், கோப்பில் வைக்கச் சொல்லி மோட்டார் கடைப் பிரதியை என் மேஜையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். கையெழுத்துப் போட்ட மூன்று பக்கத்துக்கும் பின்னால், மடிப்பு நீக்கி, குண்டூசி குத்திய இன்னொரு தாள் இருந்தது. நான் மேஜை ஓரத்தில் விட்டுவந்த கடைசிப் பக்கம்.

அதில் சிவப்புப் பென்சில் பட்டிருந்தது. நிலம் 'தாகத்தோடு' என்பதை அடித்து 'காய்ந்து' என்று எழுதியிருந்தார். வியர்வை பற்றிய நாலு வரியில் மூன்று வரி போயிருந்தது. கீழ்ப் பாதியில் ஏறக்குறைய எல்லாமே அடிபட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'நல்லாத்தான் இருக்கு. மோட்டாருக்கு வேண்டாம்' என்று ஒரு குறிப்பு.

ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிக்கொண்டே மேலிருந்து கீழ் வரை படித்தேன். கடைசி வரிவரைக்கும் பென்சில் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பையன் எழுத்து வேலையில் இருக்கிறான் என்று அம்மா யாரிடம் சொன்னாலும், அது இனி பொய்யாக இருக்காது என்று தெரிந்துகொண்டு விளக்கை அணைத்துவிட்டு மாடிப்படி இறங்கினேன்.